சீழ் வருது, எரியுது, ஆனா யூரின் கல்ச்சர்ல ‘வளர்ச்சி இல்லை’னு வந்திருக்கு

கொலுசுப்பட்டறை (செவ்வாய்ப்பேட்டை), வியாழன் இரவு 10.40

வயசு 29. நேரா விஷயத்துக்கு வர்றேன். போன வாரத்துக்கு முந்தின சனிக்கிழமை வெளியில ஒரு தொடர்பு, ஆணுறை போடல. நாலாம் நாள், அதாவது புதன்கிழமை காலையில, ஒண்ணுக்குப் போகும்போது கண்ணாடித்தூள் போற மாதிரி எரிஞ்சுது. நுனியில மஞ்சளா சீழ், ஜட்டியில கறை. மறுநாள் மெடிக்கல்ல சொல்லி ஆஃப்லாக்சசின் ஆர்னிடசோல் சேர்ந்த மாத்திரை வாங்கி, காலை ஒண்ணு ராத்திரி ஒண்ணுன்னு மூணு நாள் போட்டேன். சீழ் பாதியாக் குறைஞ்சுது. எரிச்சல் குறையல.

இந்தத் திங்கக்கிழமை லேப்ல யூரின் கொடுத்தேன். முதல்ல வர்றதை விட்டுட்டு நடுவுல வர்றதைப் பிடிங்கன்னாங்க, அப்படியே செஞ்சேன். நேத்து ரிப்போர்ட்: சீழ் செல் 2 முதல் 4, கல்ச்சர்ல 48 மணி நேரத்துக்கு அப்புறமும் வளர்ச்சி இல்லை. ‘ஒண்ணுமில்ல, நார்மல்’னு சொல்லி அனுப்பிட்டாங்க. ஆனா இன்னிக்குக் காலையிலயும் ஒரு சொட்டு வந்துச்சு. அப்ப அது என்ன? இன்னொன்னும் சொல்லணும். மனைவி நாலு மாச கர்ப்பம், ஆத்தூர்ல அவங்க அம்மா வீட்டுல இருக்காங்க. இடையில ஞாயித்துக்கிழமை அங்க போயிருந்தேன். அன்னிக்கும் ஆணுறை இல்லை.

அம்மாபேட்டை நெசவு, வியாழன் இரவு 11.05

தம்பி, கல்ச்சரே சுத்தமா வந்துடுச்சுன்னா பயப்பட வேண்டாம். இது சூடு. சேலம் வெயில்ல, அதுவும் அடுப்புப் பக்கத்துல உக்காந்து வெள்ளி உருக்குற வேலைன்னா, நீர்க்கடுப்பு வராம இருக்காது. சப்ஜா விதை, இளநீர், பார்லிக் கஞ்சி, ராத்திரி தொப்புள்ல விளக்கெண்ணெய். நாலு நாள்ல தெளிஞ்சிடும். தண்ணி மூணு லிட்டருக்குக் குறையாமக் குடிங்க.

ஸ்லைடும் லென்ஸும், வெள்ளி காலை 5.50

கொலுசுப்பட்டறை தம்பி, உங்க ரிப்போர்ட் பொய் சொல்லல. கேட்ட கேள்விதான் தப்பு. அந்தப் பரிசோதனை மூத்திரப்பையில கிருமி இருக்கான்னு பார்க்குறது. உங்க புண் மூத்திரப்பையில இல்ல, அதுக்கு வெளியே வர்ற குழாயில, முக்கியமா நுனிக்குப் பக்கத்துல.

நடந்தது என்னன்னு பாருங்க. குழாயோட உள்சுவர்ல ஒட்டியிருந்த சீழை, முதல்ல வந்த சிறுநீர் கழுவிக்கிட்டு போயிடுச்சு. அதை நீங்க கழிவறையில விட்டுட்டீங்க. அதுக்கு அப்புறம் வந்த சுத்தமான சிறுநீரைத்தான் டப்பாவுல பிடிச்சீங்க. அதான் சீழ் செல் 2, 4ன்னு நார்மலா வந்திருக்கு. நடுச்சிறுநீர்னு கேட்டது லேப்பு பண்ணின பிழை இல்ல. மூத்திரப்பைக் கிருமிக்கு அதுதான் சரியான முறை. உங்க கேஸுக்கு வேண்டியது அதுக்கு நேர் எதிரான முறை, அவ்வளவுதான்.

ரெண்டாவது, கல்ச்சர். சிறுநீருக்கு வழக்கமா வைக்கிற தட்டுல வெட்டைக் கிருமி, அதாவது கொனோகாக்கஸ், வளராது. அதுக்குச் சூடாக்கின ரத்தம் கலந்த சாக்லேட் அகார் வேணும், கூடவே 5 முதல் 10 சதவீதம் கரியமில வாயு வேணும். காஞ்சாலும் செத்துடும், ஃப்ரிட்ஜ்ல வெச்சாலும் செத்துடும். இதே மாதிரி உறவுல தொத்துற இன்னொரு கிருமியான கிளமிடியாவோ எந்தத் தட்டுலயும் வளராது. அது மனுஷ செல்லுக்கு உள்ள மட்டும் பிழைக்கிற கிருமி. அதனால இந்த நோய்ல ‘வளர்ச்சி இல்லை’ங்கிற வரிக்கு ‘கிருமி இல்லை’ன்னு அர்த்தம் கிடையாது.

மூணாவது, நீங்க மூணு நாள் மாத்திரை போட்டுட்டீங்க. அது கிருமியைக் கொல்லாம அடக்கி மட்டும் வெச்சிருக்கலாம். சீழ் பாதியானதும் எரிச்சல் அப்படியே இருக்குறதும் அதைத்தான் காட்டுது.

நெசவு அண்ணா, தண்ணி குடிக்கச் சொன்னது நல்லதுதான், சிறுநீர் நீர்த்துப்போனா எரிச்சல் கொஞ்சம் தணியும். ஆனா வெயில் சூட்டுல மஞ்சளா சீழ் வராது. நீர்க்கடுப்புல எரியும், சிறுநீர் கலங்கலாவும் இருக்கலாம். துணியில காஞ்சு மொறமொறன்னு கறையாகுற சீழ் வந்தா, அங்க கிருமியோட சண்டை போட்டுச் செத்த வெள்ளணுக்கள் இருக்குன்னு அர்த்தம்.

ஓமலூர் மெடிக்கல், வெள்ளி காலை 7.15

லேப் சார் சொல்றது சரி. தம்பி, இவ்வளவு அலைய வேண்டாம். அசித்ரோமைசின் 500 ரெண்டு மாத்திரை, ஒரே நேரத்துல 1 கிராம். ஒரே வேளையில முடிஞ்சிடும். இது மாதிரி வர்றவங்களுக்கு நாங்க கொடுக்குறது அதுதான்.

சுகவாழ்வு அக்கா, வெள்ளி காலை 7.40

மெடிக்கல் தம்பி, நீங்க சொன்னது பாதி. அசித்ரோமைசின் 1 கிராம் கிளமிடியா பக்கத்தைப் பார்க்கும். வெட்டைக் கிருமிக்கு அதை மட்டும் நம்பிக் கொடுக்கக் கூடாது, எதிர்ப்பு சீக்கிரம் வந்துடும். இவருக்கு நாலாவது நாளே மஞ்சச் சீழ் பொங்கி வந்திருக்கு. வெட்டை வழக்கமா ரெண்டு முதல் அஞ்சு நாளைக்குள்ள இப்படித்தான் தலைகாட்டும். கிளமிடியா ஒரு வாரம், மூணு வாரம்னு மெதுவா வரும். வந்தாலும் காலையில ஒட்டுற மாதிரி ஒரு சொட்டு, தண்ணி மாதிரியோ கஞ்சி மாதிரியோ. ஆனா நாளை வெச்சோ நிறத்தை வெச்சோ முடிவு கட்டிட முடியாது, ரெண்டும் ஒண்ணா வர்றது சகஜம். அதனாலதான் ரெண்டுக்கும் சேர்த்து மருந்து கொடுக்குறோம்.

அரசு மருத்துவமனையில சுகவாழ்வு மையத்துல இதுக்குன்னு சாம்பல் நிறப் பொட்டலம் இருக்கு, முதலாம் நம்பர் கிட். அதுல செஃபிக்சிம் 400 மில்லிகிராம் ஒண்ணு, அசித்ரோமைசின் 1 கிராம். ரெண்டையும் நம்ம முன்னாடியே ஒரே நேரத்துல விழுங்கணும். ஒரு மணி நேரத்துக்குள்ள வாந்தி எடுத்தா மறுபடி கொடுக்கணும், அதனாலதான் கொஞ்ச நேரம் உக்காரச் சொல்லுவோம். இதுக்குக் காசு கிடையாது.

தம்பி கொலுசு, ஆஃப்லாக்சசின் ஏன் கேக்கலன்னு புரிஞ்சுக்குங்க. அது சிப்ரோஃப்ளாக்சசின் குடும்பம். அந்தக் குடும்பத்துக்கு வெட்டைக் கிருமி எப்பவோ பழகிப்போச்சு. அமெரிக்கா 2007லயே வெட்டைக்கு அந்த மருந்துகளை நிறுத்தச் சொல்லிடுச்சு. கூட இருந்த ஆர்னிடசோல் வெட்டையை ஒண்ணும் பண்ணாது, அது அமீபா மாதிரி வேற ஜாதிக் கிருமிக்கு. பேதிக்கு வாங்குற மாத்திரையைத்தான் நீங்க இதுக்குப் போட்டிருக்கீங்க.

பனைமரத்துப்பட்டி, வெள்ளி காலை 9.10

எனக்கும் இதேதான் இருக்கு. மலம் கழிக்க முக்கும்போது வெள்ளையா வழவழன்னு ஒரு சொட்டு வரும். ரெண்டு வருஷமா வருது. ஒரு லாட்ஜ்ல மாசத்துக்கு ஒரு நாள் வர்ற வைத்தியர்கிட்ட காட்டினேன், தாது நஷ்டம், நரம்புத் தளர்ச்சின்னு சொல்லி லேகியம் கொடுத்தார், பணம் நிறையப் போச்சு. அந்தக் கிட் எனக்கும் வேணுமா?

ஸ்லைடும் லென்ஸும், வெள்ளி காலை 9.45

பனைமரத்துப்பட்டி தம்பி, உங்களுது வேற விஷயம். எரிச்சல் இருக்கா? துணியில மஞ்சக் கறை இருக்கா? முக்கும்போது மட்டும், பளிங்கு மாதிரி வழவழன்னு வந்தா அது புராஸ்டேட், விந்துப்பை பக்கத்துல இருந்து அழுத்தத்துல வெளிவர்ற நீர். உடம்புல இருந்து எந்தச் சத்தும் போயிடல.

சந்தேகம் தீர வீட்டுல ஒரு வழி இருக்கு. ரெண்டு கண்ணாடி டம்ளர் எடுங்க. ரெண்டு மணி நேரம் அடக்கிட்டு, முதல்ல வர்ற கொஞ்சத்தை முதல் டம்ளர்ல, மிச்சத்தை ரெண்டாவதுல பிடிச்சு வெளிச்சத்துல தூக்கிப் பாருங்க. முதலாவது கலங்கலா, நூல் நூலா மிதந்து, ரெண்டாவது தெளிவா இருந்தா கோளாறு குழாய்ல. ரெண்டுமே கலங்கலா இருந்தா மூத்திரப்பையோ அதுக்கு மேலயோ, இல்ல வெறும் உப்பா இருக்கும். கலங்கல் உப்பா சீழான்னு தெரிய, நாலு சொட்டு வினிகர் விடுங்க. பாஸ்பேட் உப்பா இருந்தா தெளிஞ்சிடும், சீழ்னா தெளியாது. ரெண்டு டம்ளரும் தெளிவா இருந்தா கிட்டும் வேண்டாம், லேகியமும் வேண்டாம். டம்ளர்ல முடிவு பண்ணக் கூடாது, ஒரு வழிகாட்டிதான். அதுக்கு மேல டாக்டர்கிட்ட போனீங்கன்னா ஒரு ஸ்லைடு பார்த்துச் சொல்லிடுவாங்க.

இப்ப கொலுசு தம்பிக்கு. இன்னிக்குக் காலையிலயே போங்க. மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில தோல், பால்வினை நோய்த் துறை இருக்கு. இல்லன்னா தெரிஞ்ச தோல் டாக்டர்கிட்ட போங்க. போறதுக்கு முன்னாடி மூணு விஷயம். ரெண்டு மணி நேரம் ஒண்ணுக்குப் போகாதீங்க. நுனியைக் கழுவாதீங்க, துடைக்காதீங்க. இனிமே எந்த ஆன்டிபயாடிக்கும் ஸ்லைடு எடுக்குறதுக்கு முன்னாடி போடாதீங்க.

அங்க என்ன செய்வாங்கன்னு தெரிஞ்சா பயம் குறையும். தோலைப் பின்னுக்குத் தள்ளி, கீழ்ப்பக்கத்துல அடியில இருந்து நுனி வரைக்கும் விரலால மெதுவா வழிச்சுக் கொண்டு வருவாங்க. சொட்டு தெரிஞ்சா அதை ஒரு சுத்தமான பஞ்சுக் குச்சியில தொட்டு எடுத்து, கண்ணாடி ஸ்லைடு மேல உருட்டுவாங்க. தேய்க்காம உருட்டணும், தேய்ச்சா செல்லு கிழிஞ்சுடும். சொட்டு தெரியலன்னா மெல்லிசான குச்சியை ஒண்ணு ரெண்டு சென்டிமீட்டர் உள்ள விட்டு ஒரு சுத்து சுத்தி எடுப்பாங்க. அஞ்சு வினாடி வலிக்கும், அவ்வளவுதான். காய வெச்சு, கிராம் சாயம் போட்டு, எண்ணெய் லென்ஸ்ல பார்ப்பாங்க.

அதுல ரெண்டு தெரியணும். ஒரு பார்வை வட்டத்துக்கு ரெண்டு வெள்ளணுவாவது இருந்தா குழாய் அழற்சி உறுதி. அடுத்தது, அந்த வெள்ளணுவுக்கு உள்ள சிவப்பா சின்னச் சின்ன ஜோடிகள். நம்ம ஏற்காட்டுக் காப்பிப் பழத்தைப் பிதுக்கினா உள்ள ரெண்டு கொட்டை தட்டைப் பக்கம் ஒண்ணையொண்ணு பார்த்து உக்காந்திருக்குமே, அச்சு அசல் அப்படி இருக்கும். செல்லுக்கு வெளியே மட்டும் ரெண்டு ஜோடி கண்டா அதை நம்பி எழுத மாட்டாங்க, உள்ள இருக்கணும். சீழ் வர்ற ஆம்பளைக்கு இந்த ஸ்லைடு நூத்துல தொண்ணூத்தஞ்சு தடவைக்கு மேல சரியாச் சொல்லும். அரை மணி நேரத்துல கையில கிடைக்கும்.

ஏற்காடு எஸ்டேட், வெள்ளி காலை 11.30

எனக்கும் ஒரு பயலுக்காகக் கேக்குறேன், எஸ்டேட் லைன்ல இருக்கான். மேல இருந்து கீழ இறங்க 20 கொண்டை ஊசி வளைவு, பஸ்ல ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகுது, அப்புறம் டவுன் பஸ், அப்புறம் வரிசை. காலையில எழுந்ததும் ஒண்ணுக்குப் போகாம அங்க வரைக்கும் அடக்கிக்கிட்டு வரணுமா? முதல் சிறுநீர்னா விடியற்காலை வர்றதுதானே?

ஸ்லைடும் லென்ஸும், வெள்ளி நண்பகல் 12.20

இங்கதான் எல்லாரும் குழம்புறாங்க. ‘முதல் சிறுநீர்’னா நாளோட முதல் சிறுநீர் இல்ல, ஒரு தடவை போகும்போது முதல்ல வர்ற தாரை. எந்த நேரமா இருந்தாலும் சரி. கடைசியா போனதுல இருந்து குறைஞ்சது ஒரு மணி நேரம், முடிஞ்சா ரெண்டு மணி நேரம் இடைவெளி இருந்தாப் போதும். உங்க ஆளு 5 மணிக்குப் போயிட்டு பஸ் ஏறினாலும் 8 மணிக்குத் தயார். அவதிப்பட்டு அடக்கிக்கிட்டு வர வேண்டாம்.

பிடிக்கிறது எவ்வளவுங்கிறதுலதான் தப்பு நடக்கும். சிறுநீர்ல பிசிஆர் பரிசோதனைக்கு 20 மில்லி போதும். இருமல் சிரப்பு மூடி 10 மில்லி பிடிக்கும்ல, அது மாதிரி ரெண்டு மூடி. டப்பா நிறையப் பிடிச்சா கிருமி இருக்குற முதல் சொட்டுகள் நீர்த்துப்போய், இருக்குறதும் இல்லைன்னு வர வாய்ப்பிருக்கு. முதல் தாரையை டப்பாவுல பிடி, மிச்சத்தைக் கழிவறையில விடு. முன்னாடி நுனியைத் துடைக்க வேண்டாம்.

பிசிஆர் ஏன் வேணும்னா, ஸ்லைடுல கிளமிடியா கண்ணுக்குத் தெரியாது, மைக்கோபிளாஸ்மா ஜெனிட்டாலியமும் தெரியாது. பிசிஆர்ல தெரியும். கொலுசு தம்பி மாதிரி ஏற்கனவே மாத்திரை போட்டவங்களுக்கும் அது பிடிக்கும், ஏன்னா செத்த கிருமியோட மரபுப்பொருள் கொஞ்ச நாள் அங்க கிடக்கும். இதே காரணத்துக்காகத்தான் மருந்து முடிச்ச கையோட மறுபடி பிசிஆர் எடுக்கக் கூடாது. மூணு நாலு வாரத்துக்குள்ள எடுத்தா, செத்த கிருமியைப் பார்த்து ‘இன்னும் இருக்கு’ன்னு சொல்லும். விலையும் கம்மி இல்ல, எல்லா லேப்பும் இங்கயே செய்யறதில்ல, அதனால முதல்ல கேட்டுட்டுக் கொடுங்க. ரிசல்ட் வர்ற வரைக்கும் சிகிச்சையை நிறுத்தி வைக்க வேண்டாம்.

சுகவாழ்வு அக்கா, வெள்ளி மதியம் 2.10

ஏற்காடு அண்ணா, ‘எனக்கும் ஒரு பயலுக்காக’ன்னு எழுதியிருக்கீங்க. யாருக்கா இருந்தாலும் பரவால்ல, கூச்சப்படாம அனுப்பி வைங்க. வர முடியலன்னா 1097க்குக் காசில்லாம பேசலாம், எந்த மையம் பக்கத்துல இருக்குன்னு சொல்லுவாங்க.

கொலுசு தம்பி, இப்ப உங்க மனைவி விஷயம். உங்களுக்குச் சீழ் வந்த பிறகு ஞாயித்துக்கிழமை உறவு நடந்திருக்கு. பெண்களுக்குப் பாதிக்கு மேல ஒரு அறிகுறியும் தெரியாது. எரிச்சல் இல்லை, அதனால நோய் இல்லைன்னு நினைச்சுடாதீங்க. கர்ப்பத்துல இதைக் கண்டுக்காம விட்டா, பிரசவ நேரத்துல குழந்தையோட கண்ணுல போய் ரெண்டு மூணு நாள்லயே சீழ் பிடிக்கும், பார்வையே போற அளவுக்கு. கவனிச்சா முழுசாத் தடுக்கக் கூடியது.

அவங்களுக்கு மருந்து வேற கணக்கு. ஆம்பளைங்களுக்குக் கிளமிடியாவுக்காகக் கொடுக்குற டாக்சிசைக்ளின் மாத்திரையை அவங்களுக்குக் கொடுக்கக் கூடாது, வயித்துல இருக்குற குழந்தையோட பல்லு, எலும்பு விஷயம். அவங்களுக்கு செஃப்ட்ரியாக்சோன் ஊசி, கூட அசித்ரோமைசின் 1 கிராம். இந்த ரெண்டும் கர்ப்பத்துல கொடுக்கக் கூடியவை. ஆனா கர்ப்ப டாக்டர் பார்த்துத்தான் கொடுக்கணும், நீங்க இங்க இருந்து மாத்திரை வாங்கி ஆத்தூருக்கு அனுப்பாதீங்க.

கடந்த 60 நாள்ல யார் யாரோட உறவு இருந்துச்சோ அவங்களும் வரணும். அந்த வெளித் தொடர்பு நம்பர் இருந்தா அவங்களுக்கும் சொல்லணும். நீங்க சொல்லத் தயங்கினா மையத்துல அழைப்புச் சீட்டு கொடுப்பாங்க, உங்க பேர் அதுல இருக்காது.

ஓமலூர் மெடிக்கல், வெள்ளி மாலை 4.00

ஊசி எதுக்குங்க? நீங்களே கிட்ல செஃபிக்சிம் மாத்திரைன்னு சொன்னீங்களே அக்கா. மாத்திரை கேட்டா ஊசி வேண்டாமே.

சுகவாழ்வு அக்கா, வெள்ளி மாலை 4.30

நம்ம தேசியத் திட்டத்துல கிட்டுக்குள்ள மாத்திரைதான். ஊசி போட ஆள் இல்லாத இடத்துலயும் ஒரே நாள்ல சிகிச்சை முடியணும்னு அப்படி வெச்சிருக்காங்க. வந்தவர் மறுபடி வராமப் போறதுதான் இந்த நோய்ல பெரிய தோல்வி. அந்தக் கணக்குல கிட் நியாயமானது.

ஸ்லைடும் லென்ஸும், வெள்ளி மாலை 5.15

அக்கா சொன்னதுல தப்பில்ல, ஆனா நான் ஊசி பக்கம்தான். வெளிநாட்டு வழிகாட்டிகள் செஃபிக்சிமை முதல் வரிசையில இருந்து இறக்கி வெச்சிருக்காங்க, அமெரிக்கா 2012லயே இறக்கிடுச்சு. இப்ப அவங்க 500 மில்லிகிராம் செஃப்ட்ரியாக்சோன் தசை ஊசி ஒண்ணு, பிரிட்டன்ல 1 கிராம். காரணம், மாத்திரையில ரத்தத்துல ஏறுற அளவு ஊசியளவுக்கு வராது, தொண்டையில கிருமி இருந்தா செஃபிக்சிம் அங்க சரியாப் போய்ச் சேராது. வாய்வழி உறவு இருந்திருந்தா டாக்டர்கிட்ட அதையும் சொல்லணும். ஏற்கனவே ஒரு மருந்து தோத்துப்போன கேஸ்ல நான் ஊசியைத்தான் விரும்புவேன். அக்காவுக்கு வேற கருத்து இருக்கலாம்.

சுகவாழ்வு அக்கா, வெள்ளி மாலை 5.30

வேற கருத்துதான். ஊசி கிடைக்குதுன்னா போடுங்க, கிடைக்கலன்னு காத்திருக்காம கிட்டை விழுங்குங்க. நாளைக்குப் பார்க்கலாம்னு வீட்டுக்கு அனுப்பினவங்கள்ல பாதிப் பேர் திரும்பி வர்றதில்ல.

கொலுசுப்பட்டறை, வெள்ளி இரவு 9.20

போயிட்டு வந்துட்டேன். ரெண்டு மணி நேரம் அடக்கிட்டுத்தான் போனேன். ஸ்லைடு எடுத்தாங்க. ரிப்போர்ட்டுல வட்டத்துக்கு 8 முதல் 10 சீழ் செல், செல்லுக்குள்ள கிராம் நெகட்டிவ் டிப்ளோகாக்கைன்னு எழுதியிருக்கு. லென்ஸ் சார் சொன்ன காப்பிக் கொட்டைதான் அது போல. டாக்டர் பென்சிலின் ஒவ்வாமை இருக்கான்னு கேட்டார், இல்லைன்னேன். பிட்டத்துல செஃப்ட்ரியாக்சோன் 500 போட்டாங்க, மரத்துப்போற மருந்து கலந்ததால வலி பரவால்ல. அரை மணி நேரம் உக்கார வெச்சாங்க. கூட டாக்சிசைக்ளின் 100, ரெண்டு வேளை, ஏழு நாள். எச்ஐவி, சிபிலிஸ் ரத்தமும் எடுத்திருக்காங்க. சிறுநீர் 20 மில்லி பிசிஆருக்கும் கொடுத்துட்டேன், அது வரணும்.

டாக்சிசைக்ளின் போட்டு ஒரு மணி நேரத்துல நெஞ்சுக்குழி எரியுது. இது ஒவ்வாமையா?

ஓமலூர் மெடிக்கல், வெள்ளி இரவு 9.40

இதுல எனக்கு நல்ல அனுபவம். ஒவ்வாமை இல்ல தம்பி. மாத்திரையைக் கொஞ்சம் தண்ணியில விழுங்கிட்டுப் படுத்துட்டீங்களா? அது உணவுக்குழாய்ல ஒட்டிக்கிட்டு அங்கயே புண்ணாக்கும். சாப்பாட்டுக்கு அப்புறம், ஒரு முழு டம்ளர் தண்ணியோட, நிமிர்ந்து உக்காந்து விழுங்கிட்டு அரை மணி நேரம் படுக்காதீங்க. ராத்திரி வேளையைத் தூங்குறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி வெச்சுக்குங்க. பால், தயிர், ஜெலுசில், இரும்புச்சத்து மாத்திரை இதோட சேர்த்துப் போடாதீங்க, மருந்து உறிஞ்சாமப் போயிடும், ரெண்டு மணி நேரம் தள்ளிப் போடுங்க. வெயில்ல அலையாதீங்க, தோல் கருகும். அசித்ரோ விஷயத்துல காலையில நான் அவசரப்பட்டுச் சொன்னதை ஒத்துக்குறேன், இனி கடைக்கு வர்றவங்களை முதல்ல மையத்துக்கு அனுப்புறேன்.

சுகவாழ்வு அக்கா, சனி காலை 8.15

நல்லது தம்பி. இன்னிக்கு முதல் ஏழு நாள் உறவே கூடாது, ஆணுறையோடயும் வேண்டாம். மனைவிக்கும் சிகிச்சை முடிஞ்சு ஏழு நாள் ஆகணும், இல்லன்னா ஒருத்தருக்கு ஒருத்தர் திருப்பிக் கொடுத்துக்கிட்டே இருப்பீங்க. ரத்தப் பரிசோதனை இன்னிக்கு நெகட்டிவா வந்தாலும் அது போன வாரத் தொடர்பைப் பத்தின பதில் இல்ல. எச்ஐவி, சிபிலிஸ் ரெண்டும் ஆறு வாரத்துலயும் மூணு மாசத்துலயும் திரும்ப எடுக்கணும், நம்பிக்கை மையத்துல இலவசம். வெட்டை, கிளமிடியாவுக்கும் மூணு மாசத்துல ஒரு மறு பரிசோதனை, ஏன்னா மறுபடி தொத்துறது ரொம்ப அதிகம்.

விரை ஒரு பக்கம் வீங்கி வலிச்சா, காய்ச்சலோட மூட்டு வீங்கினா, ஒண்ணுக்கு அடைச்சுக்கிட்டா, ஏழு நாள் காத்திருக்க வேண்டாம், அன்னிக்கே போங்க.

அம்மாபேட்டை நெசவு, சனி காலை 10.00

இளநீர் குடிக்கலாம்ல?

சுகவாழ்வு அக்கா, சனி காலை 10.05

தாராளமாக் குடிக்கட்டும் அண்ணா. மருந்தோட கூட.

கொலுசுப்பட்டறை, திங்கள் இரவு 8.50

எல்லாருக்கும் நன்றி. சீழ் சனிக்கிழமை ராத்திரியே நின்னுடுச்சு. எரிச்சல் கால்வாசிதான் இருக்கு. ஆனா காலையில அமுக்கிப் பார்த்தா நுனி ஒட்டுற மாதிரி ஈரம் இருக்கு. ஒரு நாளைக்குப் பத்து தடவை பார்க்குறேன். இன்னும் போகலையோன்னு பயம். பிசிஆர்ல கிளமிடியாவும் பாசிட்டிவ்னு இன்னிக்கு வந்துச்சு. மனைவிகிட்ட நேத்து உக்காந்து சொன்னேன். அழுதாங்க. நாளைக்குக் காலையில கூட்டிக்கிட்டு கர்ப்ப ஓபிக்குப் போறோம்.

ஸ்லைடும் லென்ஸும், திங்கள் இரவு 9.30

மனைவியைக் கூட்டிட்டுப் போறது சரி தம்பி. அங்க உங்க ரிப்போர்ட் ரெண்டையும் கையில கொண்டு போங்க, ‘கணவருக்கு வெட்டை, கிளமிடியா ரெண்டும் உறுதி’ன்னு ஒரே வரியில சொல்லுங்க. அந்த வரி இருந்தா அவங்களுக்கு ரிசல்ட் வர்ற வரைக்கும் காத்திருக்காம மருந்து கொடுத்துடுவாங்க.

உங்க ஒட்டுற ஈரத்துக்கு: மூணாவது நாள்தான் ஆகுது. வெட்டைச் சீழ் ரெண்டு நாள்ல நிக்கும், நின்னுடுச்சு. கிளமிடியா பக்கம் ஏழு நாள் முழுசும் ஆகும். ஆனா பத்து தடவை அமுக்குறீங்களே, அதை நிறுத்துங்க. ஆரோக்கியமான குழாயையே நாள் முழுக்க பிதுக்கினா எரிச்சல் வந்து ஈரம் கசியும், அப்புறம் அதைப் பார்த்துப் பயந்து இன்னும் பிதுக்குவீங்க. வெள்ளிக்கிழமை வரைக்கும் கை வைக்காதீங்க.

அதுக்கு அப்புறமும் ஜட்டியில கறையோ எரிச்சலோ இருந்தா, மெடிக்கல்ல வேற மாத்திரை வாங்காம, ரெண்டு மணி நேரம் அடக்கிட்டு இன்னொரு ஸ்லைடுக்குப் போங்க. ஸ்லைடுல சீழ் செல் இல்லன்னா வெறும் எரிச்சல், தானாத் தணியும். சீழ் செல் இருந்தா முதல் கேள்வி, மாத்திரையை ஏழு நாளும் போட்டீங்களா, இடையில மறு தொடர்பு இருந்துச்சாங்கிறது. மாத்திரையை முழுசாப் போட்டு, மறு தொடர்பும் இல்லன்னா மைக்கோபிளாஸ்மா ஜெனிட்டாலியம், டிரைக்கோமோனாஸ் பக்கம் தேடணும். அதுக்கு மருந்து வேற, ஒண்ணுக்கு மாக்சிஃப்ளாக்சசின் ஏழு நாள், இன்னொண்ணுக்கு மெட்ரோனிடசோல். எதுன்னு தெரியாம ரெண்டையும் கலந்து போடாதீங்க.

ஏற்காடு எஸ்டேட், செவ்வாய் காலை 6.10

இன்னிக்கு முதல் பஸ்ல இறங்குறோம். 5 மணிக்கு மேல ஒண்ணுக்குப் போக விடல அவனை. துடைக்காம, கழுவாம. சாப்பிட்டுட்டு வரலாம்ல?

ஸ்லைடும் லென்ஸும், செவ்வாய் காலை 6.25

சாப்பிட்டுட்டே வாங்க, ஸ்லைடுக்கு வெறும் வயிறு வேண்டாம். அங்க போய் மாத்திரையை விழுங்கச் சொன்னா, வயித்துல ஏதாவது இருந்தா வாந்தி வராம நிக்கும்.